ஸ்பிரிங்கைச் சரிபாதியாக வெட்டினால் வில் மாறிலி என்னவாகும்? வீட்டிலேயே வெட்டி அளந்து பார்க்கும் வழிகாட்டி

ஹட்டனில் உயர்தர பௌதிகவியல் வகுப்பு எடுக்கும்போது ஒவ்வொரு வருடமும் இந்தக் கேள்வியைக் கேட்பேன். வில் மாறிலி k உள்ள ஒரு சுருளி வில்லைச் சரிபாதியாக வெட்டினால் ஒவ்வொரு துண்டின் வில் மாறிலி என்ன? வகுப்பில் பாதிப் பேர் "k/2" என்பார்கள். பொருள் பாதியானால் பலமும் பாதிதானே என்பது அவர்கள் கணக்கு. இன்னும் சிலர், கம்பி அதே கம்பி, ஆகவே k மாறாது என்பார்கள். விடை 2k என்று சொல்கிற இரண்டு மூன்று பேரிடம் ஏன் என்று கேட்டால், "சேர் போன வருசம் சொன்னீங்க" என்று பதில் வரும்.

அதனால் இப்போதெல்லாம் விடையைச் சொல்வதில்லை. ஒரு ஸ்பிரிங்கையும் தண்ணீர்ப் போத்தலையும் கொடுத்து வீட்டில் வெட்டி அளந்து வரச் சொல்கிறேன். அதை எப்படிச் செய்வது, எங்கே தடுமாறுவார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. இதிலுள்ள அளவீடுகள் பழைய இரும்புக் கடையில் நான் வாங்கிய ஒரு ஸ்பிரிங்கை வைத்து எடுத்தவை.

வெட்டுவதற்கு முன்பே விடை தெரியும்

கத்தரிக்கோலை எடுக்க முன் ஒரு சிறிய வேலை. ஸ்பிரிங்கின் சுற்றுகளை எண்ணி, நடுச் சுற்றில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டுங்கள். என் ஸ்பிரிங்கில் 60 சுற்றுகள் இருந்தன, ஆகவே 30ஆம் சுற்றின் முடிவில் நூல். அளவுகோலால் நடுவைக் கண்டுபிடிக்க வேண்டாம், எண்ணித்தான் பிடிக்க வேண்டும். ஏன் என்பது பிறகு தெரியும்.

இப்போது ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு அடியில் பாரத்தைக் கொழுவுங்கள். கீழ்க் கொக்கி எவ்வளவு இறங்குகிறது, நூல் எவ்வளவு இறங்குகிறது என்று இரண்டையும் பாருங்கள். எனக்கு 500 கிராமில் கொக்கி 9.2 சென்ரிமீற்றர் இறங்கியது, நூல் 4.7 இறங்கியது.

இந்த இரண்டு எண்களுக்குள் முழு விடையும் இருக்கிறது. அடியில் 500 கிராமைத் தொங்கவிட்டால் அந்த இழுவை கீழ்ப் பாதிக்கு மட்டும் போய் நின்றுவிடாது, மேல் பாதிக்கும் இழுவை பாதியாகப் பிரிந்து போகாது. ஒவ்வொரு சுற்றும் தனக்குக் கீழே தொங்குவதை முழுதாகத் தாங்க வேண்டும். ஆகவே 60 சுற்றுகளும் ஒரே விசையை உணர்கின்றன, ஒவ்வொன்றும் ஒரே அளவு திறக்கிறது. 60 சுற்றுகள் சேர்ந்து 9.2 சென்ரிமீற்றர் கொடுத்தால் 30 சுற்றுகள் அதில் பாதிதானே கொடுக்கும்? நூலுக்கு மேலே இருக்கும் அந்த 30 சுற்றுகளைத்தான் நாளைக்கு வெட்டி எடுக்கப் போகிறோம். அதே விசைக்குப் பாதி நீட்சி என்றால், விசையை நீட்சியால் வகுக்கும்போது இரட்டிப்பு வரும்.

சரி, 9.2இல் பாதி 4.6 அல்லவா, எனக்கு ஏன் 4.7 வந்தது? ஸ்பிரிங்குக்கும் சொந்தத் திணிவு உண்டு. என்னுடையது 19 கிராம் அளவில். மேல் பாதி, பாரத்தோடு சேர்த்துக் கீழ்ப் பாதியையும் சுமக்கிறது. அதனால் மேல் பாதி கீழ்ப் பாதியை விட ஒரு மில்லிமீற்றர் போலக் கூடுதலாக நீள்கிறது. கூர்ந்து பார்க்கும் பிள்ளை இதைக் கண்டுபிடித்துக் கேட்கும். கேட்காவிட்டால் நானாகச் சொல்வதில்லை.

தேவையானவை

ஸ்பிரிங் நீளமானதாக, இலேசாக இழுபடக்கூடியதாக இருக்க வேண்டும். முச்சக்கர வண்டியின் பிரேக் ஸ்பிரிங் போன்றவை கை நோகும் அளவுக்கு விறைப்பானவை. அரை லீற்றர் தண்ணீருக்கு அவை அசையவே மாட்டா. என்னுடைய ஸ்பிரிங்கின் கம்பி 1 மில்லிமீற்றர் தடிப்பு, சுற்றின் சராசரி விட்டம் 16 மில்லிமீற்றர், இரண்டு முனையிலும் கொக்கி.

பாரத்துக்குப் படிக்கல் தேட வேண்டாம். ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் கழுத்தில் கயிறு கட்டி, குழந்தைகளின் பால் போத்தலால் தண்ணீரை அளந்து ஊற்றினால் போதும். ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் ஒரு கிராம். வெறும் போத்தலைக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துக்கொள்ளுங்கள். என்னுடையது 30 கிராம், ஆகவே முதலில் 70 மில்லிலீற்றர் ஊற்றி 100 கிராமாக்கினேன், அப்புறம் நூறு நூறாகக் கூட்டினேன்.

கூரை வளையில் ஓர் ஆணி, சுவரோடு நிமிர்த்திக் கட்டிய மீற்றர்ச் சட்டம், கீழ்க் கொக்கியில் கிடையாக ஒட்டிய குண்டூசி. இவ்வளவுதான். குண்டூசியின் நுனி கண்ணுக்கு நேராக இருக்கும்போது வாசியுங்கள். நிமிர்ந்து நின்று குனிந்து பார்த்து வாசித்தால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் பிழைத்துவிடும்.

முழு ஸ்பிரிங்கை அளப்பது

இதுதான் எனக்குக் கிடைத்தது:

| மொத்தத் திணிவு (கிராம்) | விசை (நியூற்றன்) | நீட்சி (சென்ரிமீற்றர்) |
|---|---|---|
| 100 | 0.98 | 0 |
| 200 | 1.96 | 1.9 |
| 300 | 2.94 | 4.3 |
| 400 | 3.92 | 6.8 |
| 500 | 4.90 | 9.2 |
| 600 | 5.88 | 11.6 |

முதல் வரியைப் பாருங்கள். 100 கிராமுக்கு ஸ்பிரிங் அசையவே இல்லை. அது ஊசியில் பிழை இல்லை. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இருக்கும் இழு-ஸ்பிரிங்குகளைச் சுற்றும்போதே கம்பியை உள்ளே ஒரு முறுக்கோடு சுற்றிவிடுகிறார்கள். அந்த ஆரம்ப இழுவிசையை வென்றால்தான் சுற்றுகள் விலகத் தொடங்கும். என் ஸ்பிரிங்கில் அது 1.2 நியூற்றன் அளவில் இருந்தது. ஏறக்குறைய 120 கிராம் வரை அமைதியாக இருந்துவிட்டு, பிறகு ஒவ்வொரு 100 கிராமுக்கும் 2.4 சென்ரிமீற்றர் என்று ஒழுங்காக இறங்கியது. தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே பார்த்தால் மேல் சுற்றுகள்தான் முதலில் திறக்கும். ஸ்பிரிங்கின் சொந்த நிறை அங்கேதான் கூடுதலாகப் படுகிறது.

ஆகவே வில் மாறிலியை ஒரே ஒரு வாசிப்பை வைத்து, விசையை நீட்சியால் வகுத்து எடுக்கக் கூடாது. வரைபு கீறி, நேர்கோடாக வரும் பகுதியின் படித்திறனை எடுக்க வேண்டும். 200இலிருந்து 600 கிராம் வரை விசை 3.92 நியூற்றன் கூடியது, நீட்சி 9.7 சென்ரிமீற்றர் கூடியது:

k = 3.92 / 0.097 = 40.4 N/m

படித்திறனில் இன்னொரு வசதி உண்டு. வெறும் போத்தலின் திணிவை நீங்கள் பிழையாக எடுத்திருந்தாலும் கோடு பக்கத்தில் நகருமே தவிர அதன் சரிவு மாறாது.

600 கிராம் முடிந்ததும் போத்தலைக் கழற்றி, குண்டூசி பழைய இடத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஸ்பிரிங் மீள்தன்மை எல்லையைத் தாண்டிவிட்டது அல்லது கொக்கி விரிந்துவிட்டது. அந்த வாசிப்புகளை வைத்துக்கொண்டு மேலே போவதில் பயனில்லை.

வெட்டுவது

ஸ்பிரிங் உருக்கு சாதாரண கம்பியைப் போன்றதல்ல. வீட்டுக் குறடால் வெட்டப் போனால் குறட்டின் வாய்தான் பள்ளமாகும். இரும்பு அறுக்கும் வாளால் அறுக்கலாம், அல்லது கராஜில் கொடுத்து வெட்டிக்கொள்ளலாம். அறுபடும் கணத்தில் முனை தெறிக்கும். அதனால் ஸ்பிரிங்கைத் துணியால் சுற்றிப் பிடியுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். கிரைண்டரில் வெட்டினால் வேகம்தான், ஆனால் கம்பி சிவக்கும் அளவுக்குச் சூடேற விட்டால் அந்த இடத்தில் பதம் போய்விடும். அப்புறம் அந்தச் சுற்று இழுத்தால் திரும்பி வராது.

நூல் கட்டிய இடத்தில் வெட்டுங்கள். இப்போது உங்களிடம் 30 சுற்றுத் துண்டுகள் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பழைய கொக்கி, மறுபக்கம் வெட்டிய முனை. வெட்டிய பக்கத்தின் கடைசிச் சுற்றை ஊசிமூக்குக் குறடால் பிடித்து, மெதுவாகத் தொண்ணூறு பாகை நிமிர்த்திக் கொக்கியாக்க வேண்டும். ஒரே இழுவையில் மடக்கினால் கம்பி உடையும். உடைந்தால் இன்னொரு சுற்றுப் போய்விடும்.

இந்தக் கொக்கி விசயத்தை மறந்துவிடாதீர்கள். 30 சுற்றில் ஒன்று கொக்கியானதால் நீளும் வேலைக்கு மீந்தவை 29தான்.

துண்டை அளப்பது

அதே போத்தல், அதே ஆணி. ஒரு துண்டின் வாசிப்பு:

| மொத்தத் திணிவு (கிராம்) | நீட்சி (சென்ரிமீற்றர்) |
|---|---|
| 100 | 0 |
| 200 | 0.9 |
| 300 | 2.1 |
| 400 | 3.3 |
| 500 | 4.5 |
| 600 | 5.6 |

3.92 நியூற்றனுக்கு 4.7 சென்ரிமீற்றர். k = 3.92 / 0.047 = 83.4 N/m. மற்றத் துண்டும் வாசிப்புப் பிழைக்குள் இதே அளவுதான்.

இரட்டிப்பு என்றால் 80.8 வர வேண்டும், வந்ததோ 83.4. "கிட்டத்தட்டச் சரி" என்று எழுதிவிட்டு மூடிவிடாதீர்கள், இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கிறது. 60 சுற்று 29 சுற்றானது, 30 ஆகவில்லை. 60/29 = 2.07. 40.4ஐ 2.07ஆல் பெருக்கினால் 83.6. மில்லிமீற்றர் வாசிப்பில் இதைவிடக் கிட்ட வர முடியாது.

100 கிராம் வரி இங்கும் பூச்சியமாக இருப்பதைக் கவனித்தீர்களா? ஆரம்ப இழுவிசை ஒவ்வொரு சுற்றிலும் பூட்டிவைத்த ஒன்று. ஸ்பிரிங்கைப் பாதியாக்கினாலும் அது பாதியாவதில்லை, கூடுவதுமில்லை. இரண்டு கோடுகளையும் ஒரே வரைபில், விசையை நிலைக்குத்து அச்சில் வைத்துக் கீறினால், இரண்டும் 1.2 நியூற்றனுக்குப் பக்கத்தில் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பி வெவ்வேறு சரிவில் ஏறும்.

ஒரு மாணவி மாறவே இல்லை என்று எழுதி வந்தது

பரிசோதனையை ஒழுங்காகச் செய்த ஒரு பிள்ளை, "சேர், வெட்டியும் k மாறயில்ல" என்று கொப்பியை நீட்டினாள். முழு ஸ்பிரிங்குக்கு 103, துண்டுக்கு 109. வாசிப்புகளில் பிழையே இல்லை. பிழை வேறு இடத்தில் இருந்தது. முழு ஸ்பிரிங்குக்கு 200 கிராம் போதும் என்று நினைத்து 1.96ஐ 0.019ஆல் வகுத்திருந்தாள். துண்டு 200 கிராமுக்குச் சரியாக இறங்கவில்லை என்பதால் 500 கிராம் போட்டு 4.90ஐ 0.045ஆல் வகுத்திருந்தாள்.

ஆரம்ப இழுவிசையைக் கழிக்காமல் வகுத்தால் சிறிய பாரத்தில் k பெரிதாகத் தெரியும், பாரம் கூடக் கூடக் குறையும். அதே முழு ஸ்பிரிங்கில் அவள் 500 கிராம் போட்டிருந்தால் 53 என்று வந்திருக்கும். எந்த ஸ்பிரிங்கிலும் இரண்டு வெவ்வேறு பாரங்களுக்கு வகுத்துப் பாருங்கள். பாரம் கூடும்போது k குறைந்துகொண்டே போனால் ஆரம்ப இழுவிசை உங்கள் கணக்குக்குள் புகுந்துவிட்டது. படித்திறனுக்குப் போங்கள். வினாத்தாளில் வரும் ஸ்பிரிங்குக்கு இந்தத் தொல்லை இல்லை, அது உற்பத்தியிலிருந்தே கிளம்பும் கோடு. கடையில் வாங்கும் ஸ்பிரிங் வினாத்தாளைப் படித்ததில்லை.

சுற்றை ஏன் எண்ண வேண்டும்

ஸ்பிரிங்கை இழுக்கும்போது கம்பி நீள்வதாகத்தான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் கம்பி நீள்வது மிகக் குறைவு, அது முறுகுகிறது. ஒவ்வொரு சுற்றும் சிறிது முறுகிக் கொடுப்பதன் கூட்டுத்தொகைதான் நீட்சி. அதனால்தான் வில் மாறிலிக்கான சமன்பாட்டில் கம்பியின் விறைப்பு மட்டு G வருகிறது, யங்கின் மட்டு வருவதில்லை:

k = G d⁴ / (8 D³ n)

d கம்பியின் விட்டம், D சுற்றின் சராசரி விட்டம், n வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை. வெட்டும்போது G, d, D மூன்றும் அப்படியே இருக்கின்றன. மாறுவது n மட்டும், அதுவும் கீழே இருக்கிறது. உருக்குக்கு G ஏறக்குறைய 79 GPa. என் ஸ்பிரிங்கின் அளவுகளைப் போட்டால் 60 சுற்றுக்கு 40.2 N/m வருகிறது. அளந்தது 40.4. இவ்வளவு ஒத்துப்போனதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. d நான்காம் அடுக்கில் இருப்பதால் கம்பித் தடிப்பில் நூற்றில் ஒரு பங்கு பிழைத்தால் விடையில் நாலு பங்கு பிழைக்கும்.

நடுவில் வெட்டாமல் பிசகிவிட்டாலும் இதே கணக்குத்தான். கொக்கியை விட்டுவிட்டுப் பார்த்தால், 60 சுற்றை 24, 36 என்று வெட்டியவருக்குச் சிறிய துண்டு 60/24 அதாவது 2.5k, பெரிய துண்டு 60/36 அதாவது 1.67k. சுற்றுகள் ஒரே இடைவெளியில் இருந்தால் மட்டுமே நீளத்தை வைத்துக் கணக்கிடலாம். பழைய ஸ்பிரிங்குகளில் ஒரு பக்கம் இழுபட்டுப்போய் இருக்கும், அங்கே நீளத்தில் நடு ஓரிடம், சுற்றில் நடு வேறிடம்.

விடையைச் சரிபார்க்க இரண்டு வழிகள்

ஒன்று, துண்டுகளைத் திரும்பச் சேர்ப்பது. ஒன்றின் அடியில் மற்றதைக் கொழுவி 500 கிராம் தொங்கவிட்டால் எனக்கு 8.9 சென்ரிமீற்றர். வெட்டுவதற்கு முன் 9.2. காணாமல் போன 3 மில்லிமீற்றர், கொக்கிகளாகிவிட்ட இரண்டு சுற்றுகளுடையது. 9.2ஐ 60ஆல் வகுத்து இரண்டால் பெருக்கிப் பாருங்கள். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, ஒரு குச்சியின் நடுவில் போத்தலைக் கட்டுங்கள். இப்போது ஒவ்வொரு 100 கிராமுக்கும் 6 மில்லிமீற்றர்தான் இறங்கும், தொடரில் இறங்கியதில் நாலில் ஒன்று. "வெட்டிச் சமாந்தரமாக இணைத்தால் 4k" என்று வரும் பரீட்சைக் கேள்வியின் விடை இதுதான். ஆரம்ப இழுவிசை இந்த அமைப்பில் இரண்டு மடங்காகும், 2.4 நியூற்றன். ஆகவே 300 கிராமுக்குக் குறைவாக வைத்து வாசிக்காதீர்கள்.

இரண்டாவது வழிக்கு அளவுகோலே தேவையில்லை. 400 கிராமைத் தொங்கவிட்டு, கீழே ஒரு சென்ரிமீற்றர் இழுத்து விட்டு 20 அலைவுகளுக்கு நேரம் எடுங்கள். முழு ஸ்பிரிங்குக்கு 12.6 செக்கன், துண்டுக்கு 8.7 செக்கன். அலைவு காலத்தின் வர்க்கம் 1/k ஆகப் போவதால் (12.6/8.7)² = 2.1. ஆரம்ப இழுவிசை இங்கே தலையிடாது, ஆனால் மேலே போகும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும் அளவுக்கு இழுத்துவிடக் கூடாது. முட்டினால் டிக் டிக் என்று சத்தம் கேட்கும், அந்த நேரத்தைத் தூக்கி எறியுங்கள்.

விறைப்புக் கூடினால் தாங்கும் பாரமும் கூடுமா?

கூடாது. இந்த இடத்தில்தான் பெரியவர்களும் சறுக்குகிறார்கள். 2k என்றதும் துண்டு இரண்டு மடங்கு பலமானது, இரண்டு மடங்கு பாரம் தாங்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கம்பி எப்போது நிரந்தரமாக வளையும் என்பதை முடிவு செய்வது விசையும் கம்பித் தடிப்பும் சுற்றின் விட்டமும். சுற்றுகளின் எண்ணிக்கைக்கு அதில் பங்கில்லை. முழு ஸ்பிரிங் எந்த விசையில் பழுதாகுமோ அதே விசையில்தான் அரைத் துண்டும் பழுதாகும், பாதி தூரம் நீண்ட உடனேயே பழுதாகும். வேனைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டுகிறவர்களுக்கு வண்டி குலுக்கிப் போடுவது இதனால்தான். ஸ்பிரிங் விறைத்துவிட்டது, போதாததற்கு அமுங்குவதற்கு இடமும் குறைந்துவிட்டது.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற மாதிரியான ஒரு விற்றராசை நினைத்துப் பாருங்கள், 20 கிலோ வரை அடையாளமிட்டது, ஆரம்ப இழுவிசை இல்லாத ஸ்பிரிங் போட்டது. அதே தட்டுக்குள் அரை ஸ்பிரிங்கைப் பொருத்தினால் 10 கிலோக் கொழுந்துக்கு முள் 5இல் நிற்கும். முள் 20ஐத் தொட வேண்டுமென்றால் 40 கிலோ தொங்க வேண்டும். ஆனால் ஸ்பிரிங்கின் கம்பி 20 கிலோவுக்கென்று செய்த கம்பி. முள் 10ஐத் தாண்டும்போதே அதன் எல்லை முடிந்துவிடும், தட்டில் அதற்கு மேல் இருக்கிற அடையாளங்களை நம்பித் தொங்கவிட்டால் சாக்கை இறக்கிய பிறகு முள் பூச்சியத்துக்குத் திரும்பாது.